சந்தனப் பொட்டு வைத்த மீட்டர்

அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோவில் ஏறி, "கேட்டுக்காரர் பட்டறை" என்று சொன்னால் போதும், சரியாக என் வாசலில் இறக்கிவிடுவார்கள். பெயர்ப் பலகையெல்லாம் பிறகு வைத்ததுதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைவிட்டு வந்தவன் நான். அடுத்தவன் பட்டறையில் கரி அள்ளி, கம்பி வளைத்து, வெல்டிங் பிடித்து, கண்ணெரிச்சலோடு தூங்கி எழுந்து, கடைசியில் சொந்தமாக ஒரு பட்டறை போட்டேன். விமான நிலையத்துக்குப் போகிற வழியில் பெரிய பெரிய வீடுகளின் வாசலில் நிற்கிற இரும்புக் கேட்டுகளில் பாதி என் கையால் ஆனவை. இதைச் சொன்னால் பெருமை பேசுகிறான் என்பார்கள். பேசிவிட்டுப் போகிறேன். கேட்டுகள் அங்கேதான் நிற்கின்றன, யார் வேண்டுமானாலும் போய்த் தட்டிப் பார்க்கலாம்.

ஆனால் இந்தக் கதையில் நான் பெருமை பேச அதிகம் இல்லை. மற்றவர்கள் எனக்குச் செய்ததுதான் அதிகம். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

பட்டறைக் கட்டடம் என் சொந்தக் கட்டடம். கீழே பாதியில் பட்டறை, மீதியில் ஒரு கடை. அந்தக் கடையை ஒரு தையல்காரம்மாவுக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். கோரிப்பாளையத்து முஸ்லிம் குடும்பம். அங்கே கடை வாடகை கட்டுப்படியாகவில்லை என்று ஆற்றைத் தாண்டி இவ்வளவு தூரம் தினமும் பஸ்ஸில் வந்து போவார். வீட்டுக்காரர் அங்கேயே ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறார். இந்தம்மா ஜாக்கெட், சுடிதார் எல்லாம் தைப்பார். கூட இரண்டு பெண்கள். என்னை "அண்ணே" என்பார், நான் "தங்கச்சி" என்பேன். வாடகையை ஒரு மாதம்கூட நான் கேட்டு வாங்கியதில்லை.

பட்டறைக்கும் அந்தக் கடைக்கும் தனித்தனி மின் இணைப்பு, தனித்தனி மீட்டர். இரண்டும் மாடிப்படிக்குக் கீழே, கம்பிக் கதவுக்குள், ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இது முக்கியம். எல்லாத் தொல்லையும் அந்தப் பலகையிலிருந்துதான் வந்தது.

ஒரு தடவை பட்டறைக்கு மின்கட்டணம் வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்தது. வேலை அதிகம், வெல்டிங் மெஷின் நிறுத்தாமல் ஓடியிருக்கிறது என்று நினைத்துக் கட்டிவிட்டேன். அடுத்த தடவை போனில் வந்த தொகையைப் பார்த்து, வேறு யாருக்கோ போக வேண்டிய மெசேஜ் என்றுதான் நினைத்தேன். வழக்கமான பில்லைப் போல மூன்று மடங்கு. அந்தச் சமயத்தில் வேலை குறைவு என்பது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் மூன்று ஆட்களைப் பாதி நாள் சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பட்டறைக் கணக்கைப் பார்ப்பவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. பி.காம். படித்தவன். நல்லவன்தான், ஆனால் ஒரு விஷயத்தைப் பிடித்துவிட்டால் லேசில் விட மாட்டான். மெசேஜைப் பார்த்தான், எழுந்துபோய்ப் பலகையைப் பார்த்தான், திரும்பி வந்தான்.

"மச்சான், இது மீட்டர் கோளாறு இல்ல. ஆள் கோளாறு."

"எந்த ஆளு?"

"பக்கத்துக் கடைதான். மெஷினுக்கெல்லாம் மோட்டார் போட்டாச்சு, அயர்ன் பாக்ஸ் காலையில இருந்து ஓடுது. அவங்க பில்லு மட்டும் அப்படியே இருக்கு. கரண்டு எங்க இருந்து வருதுன்னு நெனைக்கிறீங்க?"

"வாயக் கழுவு மாப்ள."

"நான் கழுவுறேன். நீங்க பில்ல யாரு கட்டுறதுன்னு சொல்லுங்க. அடுத்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லுவோம், பிரச்சினை தீந்துச்சு."

பட்டறையில் சத்தம் போட்டுப் பேசியே பழகிவிட்டவர்கள் நாங்கள். மெஷின் நின்றிருந்த நேரம் அது. சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷினும் நின்றுபோனது. கொஞ்ச நேரத்தில் அந்தம்மா கழுத்தில் அளவு டேப்போடு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, நான் கரண்டு திருடுறேன்னு நீங்களும் நெனைக்கிறீங்களா?"

"நான் நெனைக்கல தங்கச்சி."

"நீங்க நெனைக்காதது சந்தோசம். ஆனா தெருவுல நாளைக்கு நாலு பேரு நெனைப்பாங்க. ஜாக்கெட் துணியக் கையில குடுக்கிறவங்க எல்லாம் நம்பிக் குடுக்கிறாங்க. மிச்சத் துணிய எடுத்துக்கிட மாட்டேன்னு நம்பித்தான் குடுக்கிறாங்க. திருடின்னு ஒரு பேரு வந்தா நான் கோரிப்பாளையத்துலயும் கடை போட முடியாது." பிறகு மச்சினன் பக்கம் திரும்பினார். "தம்பி, என் மோட்டாரு எம்புட்டுக் கரண்டு இழுக்கும்னு தெரியுமா? ஒரு குண்டு பல்பு அளவுதான். வேணும்னா வந்து பாருங்க."

மச்சினன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் பொதுவாச் சொன்னேங்க்கா" என்றான்.

பொதுவாகச் சொன்னதா இல்லையா என்பது வேறு. அந்தம்மா கேட்டது நியாயம். பில்லைக் கட்டிவிடுவது எனக்குப் பெரிய விஷயமில்லை, கடன் வாங்கியாவது கட்டுவேன். ஆனால் கட்டினால், மீட்டர் சரி என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். மீட்டர் சரியென்றால் இந்தம்மா திருடி. அவ்வளவுதான் கணக்கு. அதனால் மின்வாரியத்தில் புகார் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

புகாரை எழுத அந்தம்மாவே உட்கார்ந்தார். பத்தாம் வகுப்பு முடித்தவர், கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். நான் சொல்லச் சொல்ல எழுதுவதாக ஏற்பாடு.

"எழுதுங்க தங்கச்சி. ஐயா, வணக்கம். நான் சின்ன வயசுல ஒரு வேட்டியோட அவனியாபுரத்துக்கு வந்தவன். இன்னைக்கு எட்டுப் பேருக்குச் சோறு போடுறேன். விமான நிலைய ரோட்டுல..."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அண்ணே, இது மீட்டர் மனு. உங்க கல்யாணப் பத்திரிகை இல்ல. இணைப்பு நம்பரைச் சொல்லுங்க."

எங்கள் பட்டறையில் என்னை அப்படிப் பேச யாருக்கும் தைரியம் வராது. இணைப்பு எண்ணைச் சொன்னேன். முந்தைய பில்களில் எவ்வளவு யூனிட், இப்போது எவ்வளவு யூனிட், மெஷின்களில் எதுவும் புதிதாகச் சேர்க்கவில்லை, மீட்டரைச் சோதித்துத் தர வேண்டும். ஒரு பக்கம்கூட வரவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பகுதி அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும். மேஜையில் மூன்று போன், மூன்றும் மாற்றி மாற்றி அடித்தன. எங்கோ டிரான்ஸ்பார்மரில் பீஸ் போய்விட்டது என்று ஒருவர் வந்து கத்திவிட்டுப் போனார். மச்சினனும் நானும் ஓரமாக நின்றோம். எங்களை உட்காரச் சொல்லிவிட்டுப் பொறியாளரம்மா மனுவை முழுதாகப் படித்தார். அதற்கே நான் பாதி சமாதானமாகிவிட்டேன். நான் பார்த்த பல ஆபீஸ்களில் மனுவின் முதல் வரியைத் தாண்டியவர்கள் குறைவு.

"ஐயா, பாக்குறப்போ கூடுதலாத்தான் தெரியுது. ஆனா யூனிட் கூடினதுக்கு மீட்டர்தான் காரணம்னு இப்பவே சொல்ல முடியாது. லைன்ல கசிவு இருக்கலாம், வேற யாராவது இழுக்கலாம்."

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

"மீட்டர சோதிக்க ஒரு கட்டணம் இருக்கு, கவுண்டர்ல கட்டிருங்க. எங்க லேப்ல சோதிப்பாங்க. ஆனா வரிசை இருக்கு. அதுவரைக்கும் தினமும் காலையில ஒரே நேரத்துல மீட்டர் ரீடிங்க போட்டோ எடுத்து வையுங்க. அன்னைக்கு என்ன மெஷின் ஓடுச்சுன்னு ஒரு குறிப்பு. அது இருந்தா எனக்கும் பேச வசதியா இருக்கும்."

"இந்தப் பில்லுக்குக் கடைசித் தேதி வருதும்மா. கட்டலைன்னா பீஸைப் பிடுங்கிருவீங்களே."

"ஆட்சேபணை தெரிவிச்சுக்கிட்டு, முந்தின ஆறு மாசத்துச் சராசரி என்னவோ அதைக் கட்டுங்க. பிரச்சினை முடியுற வரைக்கும் இணைப்பத் துண்டிக்க மாட்டோம். அதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு."

அப்படி ஒரு இடம் சட்டத்தில் இருப்பது எனக்குத் தெரியாது. அவர் சொல்லாமல் விட்டிருந்தால் நான் கேட்டிருக்கவும் மாட்டேன். மனுவின் நகலில் சீல் வைத்துத் தேதி போட்டுக் கொடுத்தார். அதை வாங்கிப் பைக்குள் வைத்தபோது, ஏதோ கேட்டு வேலைக்கு அட்வான்ஸ் வாங்கின மாதிரி இருந்தது எனக்கு.

மறுநாள் காலையிலிருந்து போட்டோ வேலையை நானே எடுத்துக்கொண்டேன். மகள் வாங்கிக் கொடுத்த போன் இருந்தது. காலையில் டீ குடித்ததும் நேராக மாடிப்படிக்குக் கீழே போவேன், குனிவேன், மீட்டரில் தெரிகிற எண்ணைப் பளிச்சென்று எடுப்பேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் எடுத்ததும் மச்சினனைக் கூட்டிக்கொண்டு பொறியாளரம்மாவிடம் போனேன். போனை வாங்கி அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பை அடக்குகிற மாதிரி தெரிந்தது.

"ஐயா, இது தேதி."

"எது?"

"இந்தப் போட்டோவுல இருக்கிறது அன்னைக்குத் தேதி. இது மணி. இது வோல்டேஜ். இது மறுபடியும் தேதி. இந்த மீட்டர்ல ஒவ்வொண்ணா மாறி மாறி வரும். யூனிட் வர்றப்போ எடுக்கணும்."

மச்சினன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். "தேதி சரியாத்தான் ஓடுது மேடம், அதுல புகார் இல்ல" என்றான்.

பொறியாளரம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. பிறகு ஒரு தாளில் மூன்று ஆங்கில எழுத்தைப் பெரிதாக எழுதிக் காட்டினார். இது ஓரத்தில் தெரியும்போது வருகிற எண்தான் யூனிட் என்றார். முதல் எழுத்து, நின்றுகொண்டு ஒரு கையையும் ஒரு காலையும் நீட்டுகிற ஆள் மாதிரி இருந்தது. கடைசி எழுத்து ஏணி. கம்பி வளைத்தே பிழைத்தவனுக்கு வடிவம் ஒரு தடவை மனதில் ஏறினால் இறங்காது. அதற்குப் பிறகு ஒரு போட்டோவும் தப்பாக எடுக்கவில்லை.

அந்தப் போட்டோக்களில் எண் ஏறிக்கொண்டே போனது. வேலை அதிகமான நாளிலும் ஏறியது, குறைவான நாளிலும் ஏறியது. ஆனால் அது மச்சினனுக்கு எதையும் நிரூபிக்கவில்லை. "அதான் நானும் சொல்றேன். நம்ம மெஷின் ஓடாதப்போ யாரு மெஷின் ஓடுது?" என்பான், குரலைத் தணித்து. தையல் கடையில் அந்த நாட்களில் சிரிப்புச் சத்தமே கேட்காது. அந்த இரண்டு பெண்களும்கூட எங்கள் பட்டறையைத் தாண்டும்போது வேகமாக நடந்தார்கள்.

ஆயுத பூஜை வந்தது.

எங்கள் பட்டறையில் ஆயுத பூஜை என்றால் வெளியூர்க்காரன்கூட வந்து பார்த்துவிட்டுப் போவான். மெஷின்களைத் துடைத்து எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரிகடலை, சுண்டல், வாசலில் பூசணிக்காய், மேலே கீழே எல்லாம் சீரியல் லைட். பூஜை முடிந்துவிட்டால் மறுநாள் காலை வரை ஒரு ஸ்பேனரைக்கூட யாரும் தொடக் கூடாது. மெஷினுக்கு அது ஓய்வு. மறுநாள் விஜயதசமிக்கு நான் வந்து சுவிட்ச் போட்டால்தான் பட்டறை ஓடும்.

அந்த வருஷம் பூஜைக்கு முன்தினம் எனக்கு ஒரு யோசனை வந்தது. என் யோசனைதான் அது, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எப்படியும் மெஷின் எதுவும் ஓடாத ராத்திரி. அன்றைக்கு மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டால்? மீட்டருக்குப் பின்னால் ஒரு பல்புகூட எரியாது. அப்புறமும் எண் ஏறினால்?

ஆட்களிடம் சொன்னேன். வெல்டர் பையனுக்கு முகம் தொங்கிப் போனது.

"சீரியல் லைட் இல்லாம ஆயுத பூஜையா அண்ணே? தெருவுல சிரிப்பாங்க."

"அகல் விளக்கு ஏத்துவோம்டா. உங்க அம்மா கார்த்திகைக்கு ஏத்துறது இல்லையா?"

மச்சினன் தலையை ஆட்டினான். "மெயின அணைக்கிறது சரி மச்சான். மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவுல யாராச்சும் வயரு மாட்டிருந்தா? ராத்திரி பக்கத்துல கடை ஓடும். தீபாவளி சீசன் வேற."

இதையும் சுவர் கேட்டுவிட்டது. பூஜையன்று சாயங்காலம், நாங்கள் அகல் விளக்கெல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தபோது, தையல்காரம்மா ஷட்டரை இழுத்துப் பூட்டினார். தீபாவளிக்கு முந்தைய நாட்களில் அவர் ராத்திரி எட்டு மணிக்கு முன்னால் கடையைப் பூட்டி நான் பார்த்ததில்லை. பூட்டிவிட்டு நேராக மச்சினனிடம் வந்தார்.

"தம்பி, என் மெயினையும் அணைச்சுட்டேன். நீங்களே வந்து பாத்துக்கங்க. பிள்ளைங்கள வீட்டுக்கு அனுப்பியாச்சு. இந்தாங்க சாவி. ஒரே சாவிதான் இருக்கு. நாளைக்கு வந்து உங்ககிட்ட வாங்கிக்கிறேன்."

"அக்கா, அதெல்லாம் வேண்டாம்..."

"வேணும். பன்னெண்டு ஜாக்கெட்டு வெட்டிப் போட்டது அப்படியே கிடக்கு. சும்மா பூட்டிட்டுப் போகல."

மச்சினன் கையை நீட்டவில்லை. அந்தம்மா சாவியைப் பொரித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டார். வேறு வழியில்லாமல் அவன் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

நான் மெயினை அணைத்தேன். பட்டறை இருட்டானது. அகல் விளக்கு வெளிச்சத்தில் மெஷின்களைப் பார்த்தபோது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், சீரியல் லைட்டைவிட நன்றாக இருந்தது. சூடம் காட்டினேன். லேத்துக்கு, டிரில்லிங் மெஷினுக்கு, நான் முதன்முதலில் வாங்கிய வெல்டிங் மெஷினுக்கு என்று வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் மாடிப்படிக்குக் கீழே குனிந்து மீட்டருக்கும் வைத்தேன். ஒவ்வொரு வருஷமும் வைப்பேன். எல்லா மெஷினுக்கும் சோறு போடுவது அதுதானே. ஒழுங்காக ஓடாத வருஷம் என்பதற்காக விட்டுவிடவா முடியும்? கொஞ்சம் கூடுதலாகவே வைத்தேன்.

தையல்காரம்மா என் போனை வாங்கி, அந்த ஏணி எழுத்து வருகிற வரை பொறுத்திருந்து ஒரு போட்டோ எடுத்தார். பொரியை ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். கம்பிக் கதவைப் பூட்டி நாங்களும் கிளம்பினோம்.

காலையில் நான் போவதற்கு முன்பே மச்சினன் வந்து நின்றிருந்தான். சேர்ந்துதான் கம்பிக் கதவைத் திறந்தோம். மெயின் அணைந்தபடியே இருந்தது. பக்கத்துக் கடை மெயினும் அணைந்தபடியே. ஷட்டரில் பூட்டுத் தொங்கியது. ஆனால் எங்கள் மீட்டரில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. கரண்டு ஓடினால்தான் அது சிமிட்டும்.

யூனிட் வருகிற வரை காத்திருந்தோம். வந்தது. 31768.

"நேத்து எம்புட்டு?" என்றேன்.

மச்சினன் போனில் நேற்றைய படத்தை எடுத்தான். பெரிதாக்கினான். என்னைப் பார்த்தான்.

"கடைசி நம்பரக் காணோம் மச்சான். உங்க பொட்டு மறைச்சிருக்கு."

குனிந்து போனைப் பார்த்தேன். 3174 வரை தெளிவாகத் தெரிந்தது. அதற்கடுத்த எண் இருக்க வேண்டிய இடத்தில் நான் வைத்த சந்தனமும், நடுவில் குங்குமமும். மீட்டர் கண்ணாடியில் இப்போதும் அது காய்ந்து அப்படியே இருந்தது. காலையில் பக்கவாட்டில் சாய்ந்து பார்த்ததால் எண் தெரிந்தது, போட்டோ நேராக எடுத்ததில் மறைந்துவிட்டது. இவ்வளவு ஏற்பாடு செய்து, ஆட்களுக்குச் சீரியல் லைட்டை மறுத்து, அந்தம்மாவின் ஒரு சாயங்கால வேலையைக் கெடுத்து, கடைசியில் என் கையாலேயே அழித்துவைத்திருக்கிறேன். படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

மச்சினன் மட்டும் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். கணக்கு பார்க்கிறவன் புத்தி அவனுக்கு.

"இருங்க மச்சான். மறைஞ்சது கடைசி நம்பர் மட்டுந்தான். அது ஒம்பதுன்னே வச்சுக்குவோம். அதுக்கு மேல இருக்க முடியாதுல்ல? அப்ப நேத்து 31749. இன்னைக்கு 31768. கொறஞ்சபட்சம் பத்தொம்பது யூனிட்டு. மெயினு அணைஞ்சிருக்கு. பக்கத்துக் கடையும்..."

அவன் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. சாவி அங்கேதான் இருந்தது.

தையல்காரம்மா வந்தபோது நாங்கள் வாசலில் நின்றிருந்தோம். மச்சினன் சாவியை எடுத்து நீட்டினான். என்ன சொல்லப் போகிறான் என்று நான் காத்திருந்தேன்.

"பஸ்ல கூட்டமாக்கா?"

"கோரிப்பாளையத்துல இருந்து நின்னுக்கிட்டுத்தான் வந்தேன்."

"ஷட்டர நான் தூக்கி விடுறேன்" என்று பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கினான். அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் மெஷின் சத்தம் கேட்டது, முன்னைவிட வேகமாக.

அலுவலகம் திறந்த அன்றைக்கே இரண்டு போட்டோக்களையும் கொண்டுபோய்க் காட்டினோம். பொறியாளரம்மா முதல் படத்தைப் பார்த்ததும், "மீட்டருக்குமா பொட்டு?" என்றார்.

"அது இல்லைன்னா பட்டறை இல்லையேம்மா."

"கண்ணாடிமேல வைக்காம ஓரத்துல வச்சிருக்கலாம்." பிறகு மச்சினன் போட்ட அதே கணக்கை அவரும் மனதுக்குள் போட்டுப் பார்த்தார் என்று நினைக்கிறேன். சிரிப்பு போய்விட்டது. போனில் ஒருவரைக் கூப்பிட்டார். "மதியம் நானே வரேன் ஐயா. இதப் பாத்துட்டு வரிசையில வைக்க முடியாது."

சொன்னபடி வந்தார், கூட ஒரு லைன்மேன். மேலே கம்பத்தில் கரண்டை நிறுத்திவிட்டு லைன்மேன் மீட்டரின் சீலை உடைத்து மூடியைத் திறந்தார். மீட்டரிலிருந்து எங்கள் பக்கத்துக்குப் போகிற வயர்களையெல்லாம் கழற்றித் தனியாக ஒதுக்கினார். இப்போது மீட்டருக்குள் கரண்டு வரும், வெளியே போக வழியே கிடையாது. மறுபடி மேலே கரண்டைக் கொடுத்தார்கள்.

மாடிப்படிக்குக் கீழே நாங்கள் ஐந்தாறு பேர் குனிந்து நின்றோம். தையல்காரம்மாவும் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். சிவப்பு விளக்கு சிமிட்டியது. சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"போக வழியில்லாத கரண்டுக்கு இது கணக்கு எழுதுது" என்றார் பொறியாளரம்மா. "வெளியே யாரும் இழுக்கல ஐயா. மீட்டருக்குள்ளதான் கோளாறு. எவ்வளவு கோளாறுன்னு லேப்ல சொல்லட்டும்."

எனக்குப் பின்னால் நீளமாக ஒரு மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அந்தம்மா, மெதுவாக. அந்தப் பொறியாளரம்மாவுக்கு, தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது தெரிந்திருக்காது. அவர் மீட்டரைப் பற்றித்தான் சொன்னார்.

பழைய மீட்டரைக் கழற்றினார்கள். அதில் இருந்த எண்ணைக் குறித்து, நானும் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, பைக்குள் வைத்துச் சீல் வைத்தார்கள். பொட்டைத் துடைக்கட்டுமா என்று கேட்டேன். "எதையும் தொடாதீங்க ஐயா, அப்படியே போகட்டும்" என்றார். லேப்பில் அதைப் பிரித்தவர்கள் என்ன நினைத்தார்களோ. அன்றே புது மீட்டரைப் பொருத்திவிட்டார் லைன்மேன். வயரையெல்லாம் முடுக்கிவிட்டு, "யாரு மெயின் சுவிட்ச் போடுறீங்க? அண்ணே, வாங்க" என்று என்னைக் கூப்பிட்டார்.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போனேன். அதற்குள் மச்சினன் குறுக்கே கையை நீட்டினான்.

"மச்சான், அக்கா போடட்டும்."

பட்டறையில் எத்தனையோ வருஷமாக நான் மட்டுமே போடுகிற சுவிட்ச். ஆட்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் விலகி நின்றேன்.

"எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு தம்பி" என்றார் அந்தம்மா.

"ஒரு சுவிட்ச் போட எம்புட்டு நேரம் ஆகும்? போட்டுட்டுப் போங்க. உங்க வேலைக்கும் என் வாயாலதான் தாமதம் ஆச்சு."

அவன் மன்னிப்புக் கேட்டது அவ்வளவுதான். அவனிடமிருந்து அதற்குமேல் நான் ஒருநாளும் கேட்டதில்லை, என் மனைவியும் கேட்டதில்லை. தையல்காரம்மா ஊசி குத்தாமலிருக்க விரலில் போட்டிருந்த தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சுவிட்சை மேலே தள்ளினார். பட்டறை லைட்டெல்லாம் எரிந்தது. யாரோ லேத்தை ஓடவிட்டார்கள்.

"எரியுதுல்ல? அப்ப நான் போறேன். அண்ணே, என் தொப்பி."

கொடுத்தேன்.

லேப் அறிக்கை வரக் கொஞ்ச நாள் ஆனது. மீட்டர் பழுது என்று எழுதியே கொடுத்தார்கள். மீட்டர் ஒழுங்காக ஓடிய மாதங்களின் சராசரியை வைத்து இரண்டு பில்களையும் மறுபடி போட்டார்கள். நான் கூடுதலாகக் கட்டியதை அடுத்தடுத்த பில்களில் கழித்தார்கள், சோதனைக்குக் கட்டியதையும் சேர்த்து. பில் மெசேஜ் வரும்போதெல்லாம் மச்சினன் அதைப் படித்துவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி, "கம்மியாத்தான் வந்திருக்கு" என்று சத்தமாகச் சொல்வான். மெஷின் நின்றிருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் சொல்வான்.

நான் ஒன்றுமில்லாமல் வந்து இவ்வளவு சம்பாதித்தவன் என்று இன்றைக்கும் யாரிடமும் சொல்வேன். ஆனால் அந்த வருஷம் என் பட்டறையின் மானத்தைக் காப்பாற்றியது நான் இல்லை. தெரியாத சட்டத்தைத் தானாக முன்வந்து சொல்லிக் கொடுத்த ஒரு பொறியாளர். தன்மேல் வந்த பழிக்குத் தன் கடைச் சாவியையே பதிலாகக் கொடுத்த ஒரு தங்கச்சி. அப்புறம், தன் கணக்கு தன்னையே தப்பென்று காட்டியபோதும் அதைப் பாதியில் நிறுத்தாமல் போட்டு முடித்த என் மாப்ள. பொறியாளரம்மாவுக்கு ஒரு பூஜைக்குப் பொரிகடலை கொண்டுபோனேன். ஆபீஸில் எல்லாருக்கும் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டு, தனக்கு ஒரு கை எடுத்துக்கொண்டார்.

இப்போதும் ஆயுத பூஜைக்கு மீட்டருக்குப் பொட்டு வைக்கிறேன். கண்ணாடியில் வைப்பதில்லை, பலகையின் ஓரத்தில்தான். நான் குனியும்போதே மச்சினன் பின்னால் வந்து நின்று, "நம்பர் தெரியுதா மச்சான்?" என்று கேட்பான். பக்கத்திலிருக்கிற தையல் கடை மீட்டருக்கும் ஒரு பொட்டு வைக்கலாமா என்று அந்தம்மாவிடம் ஒரு வருஷம் கேட்டேன்.

"வேண்டாண்ணே" என்றார். "அது ஒழுங்காத்தான் ஓடுது."